டிகேடி பரீட்சைக்குப் படிச்சப்ப கிராமரும் லெசன் ப்ளானும் ஒரே கேள்வியில வந்து நின்ன கதை

முதல் மாதிரி பேப்பர் போட்டுப் பார்த்தப்ப எனக்கு 80க்கு 43 வந்துச்சு. ஆறு வருஷமா ஏழாங் கிளாஸ், எட்டாங் கிளாசுக்கு இங்கிலீஷ் எடுக்கறேன், கிராமர்னா ஸ்டாஃப் ரூம்ல என்னைத்தான் வந்து கேப்பாங்க, அதனால அந்த 43ஐப் பார்த்துட்டு அன்னைக்கு ராத்திரி சரியா தூக்கமே வரல. அதைவிட வருத்தம் என்னன்னா, தப்பானதுல பாதிக்கு மேல முதல் 40 கேள்விக்குள்ளயே இருந்துச்சு, அது முழுக்க கிராமர், சொல், உச்சரிப்பு, ஸ்கில்ஸ் பத்தின பகுதி. நமக்குத் தெரிஞ்ச ஏரியான்னு நான் படிக்காம விட்டது அதைத்தான்.

பரீட்சை என்னன்னு முதல்ல சொல்லிடறேன். டிகேடின்னா டீச்சிங் நாலெட்ஜ் டெஸ்ட், கேம்பிரிட்ஜ் நடத்தறது. முக்கியமா மூணு மாட்யூல். முதல் மாட்யூல் மொழியைப் பத்தியும் மொழியை எப்படிக் கத்துக்கறாங்க, கத்துக் கொடுக்கறாங்கங்கறதைப் பத்தியும், ரெண்டாவது லெசன் ப்ளானும் மெட்டீரியலும், மூணாவது கிளாஸ் நடத்தறது. ஒவ்வொண்ணும் 80 கேள்வி, 80 நிமிஷம், எல்லாமே ஏ பி சின்னு தேர்ந்தெடுக்கறதுதான், ஒரு வரி கூட எழுத வேண்டாம். பாஸ் ஃபெயில் கிடையாது, பேண்ட் 1லேர்ந்து 4 வரைக்கும் ஒரு பேண்ட் தருவாங்க. மூணையும் சேர்த்து எழுதணும்னு இல்ல, எந்த வரிசையில வேணா எழுதலாம். நான் முதல் ரெண்டை மட்டும் எழுதினேன், அதைப் பத்திதான் இங்க சொல்றேன்.

இது பி.எட். இடத்துல நிக்காது, அரசாங்க வேலைக்கு வேண்டிய டெட் தகுதிக்கும் மாத்து கிடையாது. செல்டாங்கற டீச்சர் ட்ரெய்னிங் கோர்ஸ் மாதிரி நாம கிளாஸ் எடுக்கறதை ஒருத்தர் உக்காந்து பார்த்து மார்க் போடறதும் இதுல இல்ல. அது தெரிஞ்சேதான் போனேன்.

நாங்க இருக்கறது மும்பைல சயான் கோலிவாடா பக்கம். ஸ்கூல் வாஷில. ஜிடிபி நகர்ல ஹார்பர் லைன் ஏறினா சுமார் அரை மணி நேரம், காலைல நான் போறது கூட்டத்துக்கு எதிர்ப் பக்கம்ங்கறதால லேடீஸ் டப்பால உக்கார இடம் கிடைச்சுடும், அதுதான் என் படிக்கற நேரம். சாயங்காலம் திரும்பி வர்றப்ப நிக்கத்தான் முடியும், குர்லா வந்துட்டா அதுவும் கஷ்டம், அதனால காலைல படிச்சதை மனசுல ஓட்டிப் பார்க்கறதோட சரி. வீட்டுக்கு வந்தா சமையல், பையன் ஹோம்வொர்க், அத்தைக்கு மாத்திரை, அதுக்கப்புறம் 10 மணிக்கு மேல கொஞ்சம். இப்படி 11 வாரம்.

அந்த 43 மார்க் பேப்பரைத் தூக்கிட்டு எங்க ஸ்கூல்ல இருக்கற ஒரு சீனியர் டீச்சர்கிட்ட போனேன். மதுரைக்காரங்க, நான் அக்கான்னுதான் கூப்பிடுவேன், அவங்க முன்னாடியே இந்த மூணு மாட்யூலும் முடிச்சவங்க. தப்பையெல்லாம் ஒரு பார்வை பார்த்துட்டு, "உனக்கு ரூல் தெரியாம இல்லம்மா, வார்த்தை அந்த வாக்கியத்துல என்ன வேலை செய்யுதுன்னு பார்க்காம வார்த்தையோட மூஞ்சியைப் பார்த்து பேர் வச்சிருக்க"ன்னாங்க. அந்த ஒரு வரிதான் மீதி ரெண்டரை மாசமும் என்னைப் படிக்க வச்சுது.

அவங்க சொன்னது எப்படின்னா, "ஷி லெஃப்ட் ஹெர் பேக் ஆன் த ட்ரெய்ன்"னு ஒரு வாக்கியத்துல "ஹெர்" என்னன்னு கேட்டா நான் யோசிக்காம ப்ரோநவுன்னு போட்டிருப்பேன், ஏன்னா ஹெர்னா ப்ரோநவுன்னு சின்ன வயசுலேர்ந்து மனசுல ஒட்டிக்கிச்சு. ஆனா இங்க அது பேக்குக்கு முன்னாடி நின்னு எந்த பேக்னு காட்டுது, அதனால இந்தப் பரீட்சையோட பாஷையில அது டிடெர்மினர். ஸ்கூல் புக்ல டிடெர்மினர்னா நாம ஆர்ட்டிகிளோட நிறுத்திக்கறோம், ஆனா த, எ, திஸ், தட், மை, ஹெர், சம் எல்லாமே அந்தக் குடும்பம்தான். அக்கா இதுக்கு ஒரு சோதனை சொல்லிக் கொடுத்தாங்க. சந்தேகம் வந்தா அந்த வார்த்தை இருக்கற இடத்துல "த"ன்னு போட்டுப் பாரு, வாக்கியம் நிக்குதான்னு. "ஷி லெஃப்ட் த பேக்" நிக்குது, அப்போ டிடெர்மினர். "ஐ ஸா ஹெர்"ல ஹெரை எடுத்துட்டு "ஐ ஸா த"ன்னு சொன்னா நிக்கல, அப்போ அது ப்ரோநவுன். இவ்வளவுதான், இதுக்கப்புறம் அந்த வகைக் கேள்வில நான் ஒண்ணு கூட விடல.

"சின்ஸ்" அதே மாதிரி. "சின்ஸ் மண்டே"ல அது ப்ரெபொசிஷன், "சின்ஸ் ஐ கேம் டு மும்பை"ல அது கன்ஜங்ஷன். வார்த்தை ஒண்ணுதான், பின்னாடி வர்றது வெறும் பேரா இல்ல வினையோட வர்ற குட்டி வாக்கியமான்னு பார்த்தாப் போதும். பிஃபோர், ஆஃப்டர், அன்டில் எல்லாத்துக்கும் இதே சோதனை. ஐஎன்ஜி கூட அப்படித்தான், "ஸ்விம்மிங் இஸ் குட் ஃபார் யூ"ல ஸ்விம்மிங் பேர்ச்சொல் இடத்துல உக்காந்திருக்கு, அது ஜெரண்ட், "ஷி இஸ் ஸ்விம்மிங்"ல ப்ரெசன்ட் பார்ட்டிசிபிள், "எ போரிங் லெசன்"ல அட்ஜெக்டிவ். இதுல எதுவுமே எனக்குப் புதுசு இல்ல, ஆனா வேலையைப் பார்த்து பேர் வைக்கற பழக்கம் கைல இல்ல, அதான் விஷயம்.

அடுத்து ஃபங்ஷன். இதுதான் நம்ம ஊர்ல படிச்சவங்க ரொம்ப தடுமாறற இடம்னு எனக்குத் தோணுது, ஏன்னா நாம படிச்ச கிராமர் புக் எல்லாமே ஃபார்மோட நின்னுடும். "இஃப் ஐ வேர் யூ, ஐ வுட் சீ எ டாக்டர்"னு கொடுத்துட்டு இதோட ஃபங்ஷன் என்னன்னு கேக்கறாங்கன்னு வைங்க. செகண்ட் கண்டிஷனல்னு நமக்கு உடனே வாய்ல வரும், ஆனா அது ஃபார்மோட பேர். ஒருத்தர் இன்னொருத்தர்கிட்ட அதைச் சொல்றப்ப என்ன பண்றார், அட்வைஸ் பண்றார், அதுதான் ஃபங்ஷன். "குட் யூ ஓபன் த விண்டோ"ல குட்ங்கறது மோடல், கேனோட பாஸ்ட் வடிவம், ஆனா அந்த வாக்கியத்துல கடந்த காலமே கிடையாது, அது ஒரு ரிக்வெஸ்ட். அந்த ரிக்வெஸ்டைச் சொல்ல உதவற அந்த "குட் யூ..."ங்கற சொற்கட்டுக்கு எக்ஸ்போனன்ட்னு பேர். ஒரே ஃபங்ஷனுக்கு பத்து எக்ஸ்போனன்ட் இருக்கலாம், ஒரே ஃபார்ம் மூணு ஃபங்ஷன் பண்ணலாம்.

எனக்கு இது எப்படிப் பழகிச்சுன்னா ட்ரெய்ன்லதான். நம்ம வீட்டுல "தண்ணி இருக்கா?"ன்னு ஒருத்தர் கேட்டா இருக்குன்னு பதில் சொல்லிட்டு யாரும் உக்காந்திருக்க மாட்டோம், எழுந்து போய் ஒரு டம்ளர் கொண்டு வந்து கொடுப்போம். ஃபார்ம் கேள்வி, ஃபங்ஷன் கேட்டு வாங்கறது. டப்பால காதுல விழற ஒவ்வொரு பேச்சையும், இந்தியோ மராத்தியோ தமிழோ, இந்த ஆள் இப்ப என்ன பண்றார்னு மனசுக்குள்ள சொல்லிப் பார்ப்பேன். கொஞ்சம் தள்ளி உக்காருங்கன்னு கேக்கறாங்க, மன்னிப்பு கேக்கறாங்க, புகார் சொல்றாங்க, ஒத்துக்க மாட்டேங்கறாங்க. ரெண்டு வாரத்துல அந்தப் பேர்கள் நாக்கு நுனிக்கு வந்துடுச்சு.

கிளாஸரின்னு ஒரு சொற்பட்டியல் கேம்பிரிட்ஜே இலவசமா வெளியிட்டிருக்காங்க, நெட்ல இருக்கு. நான் முதல்ல அதை ஏ லேர்ந்து மனப்பாடம் பண்ண ஆரம்பிச்சேன், பத்து நாள் அப்படிப் போச்சு, வீண்தான். ஏன்னா பரீட்சையில ஒரு சொல்லுக்கு அர்த்தம் என்னன்னு தனியா கேக்கறது குறைவு, பக்கத்துல பக்கத்துல இருக்கற ரெண்டு சொல்லை வச்சு இதுவா அதுவான்னுதான் நம்மளைத் தள்ளிப் பார்க்கறாங்க. அதனால அக்கா சொல்லி அட்டையில ஜோடி ஜோடியா எழுத ஆரம்பிச்சேன். ஸ்கிம்மிங் ஒரு பக்கம், ஸ்கேனிங் ஒரு பக்கம்: மொத்தத்துல எதைப் பத்தின்னு தெரிஞ்சுக்க வேகமா படிச்சா ஸ்கிம்மிங், ட்ரெய்ன் டைம்டேபிள்ல 7.42 வண்டியை மட்டும் தேடினா ஸ்கேனிங். எரர், ஸ்லிப்: பையனுக்குத் தெரியாம தப்பு வந்தா எரர், தெரிஞ்சும் அவசரத்துல வாய் தவறி, நாம ஒரு பார்வை பார்த்தா தானே திருத்திக்கிட்டா ஸ்லிப். அக்யூரசி, ஃப்ளூயன்சி. வேர்ட் ஸ்ட்ரெஸ், சென்டன்ஸ் ஸ்ட்ரெஸ். அட்டைக்குப் பின்னாடி அர்த்தம் எழுதாம, என் கிளாஸ்ல நடந்த ஒரு உதாரணம் எழுதினேன். மொத்தம் 60 அட்டை கிட்ட வந்துச்சு, அதுக்கு மேல தேவைப்படல.

இப்ப ரெண்டாவது மாட்யூலுக்கு வரேன், என் மனசுக்கு ரொம்ப நெருக்கமானது இதுதான். பரீட்சையில லெசன் ப்ளான் எழுதச் சொல்ல மாட்டாங்க. ஒரு ப்ளான்லேர்ந்து துண்டு துண்டா வரிகளை எடுத்துப் போட்டு இது மெயின் எய்மா, அசம்ப்ஷனா, அன்டிசிபேட்டட் ப்ராப்ளமான்னு பொருத்தச் சொல்லுவாங்க, இல்லன்னா ஒரு ஆக்டிவிட்டியைக் கொடுத்து இதோட எய்ம் என்னன்னு கேப்பாங்க. அதனால படிச்சாப் போதும்னு நான் நினைச்சேன். அக்கா விடல. "நீயே ஒண்ணு எழுதி, அதைக் கிளாஸ்ல எடுத்துட்டு வா, அப்புறம் பேசலாம்"னுட்டாங்க.

ஏழாங் கிளாசுக்கு ப்ரெசன்ட் பெர்ஃபெக்ட் வர வேண்டிய வாரம். ப்ளான் எழுதினேன், மெயின் எய்ம்ங்கற இடத்துல "ப்ரெசன்ட் பெர்ஃபெக்ட் டென்ஸ் சொல்லிக் கொடுத்தல்"னு போட்டேன். அக்கா அதை அடிச்சுட்டு, "இது நீ செய்யற வேலை. பீரியட் முடிஞ்சு பெல் அடிச்சதும் பசங்களால என்ன செய்ய முடியும், அதை எழுது"ன்னாங்க. நான் திருப்பி "ப்ரெசன்ட் பெர்ஃபெக்ட் வாக்கியம் அமைக்க முடியும்"னு எழுதினேன், அதையும் அடிச்சாங்க. "அமைச்சு? எதுக்கு அமைக்கறாங்க?"

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. ஃபார்ம் வேற ஃபங்ஷன் வேறன்னு ட்ரெய்ன்ல ரெண்டு வாரம் பழகினேனே, அதே கேள்விதான் இங்கயும் நிக்குது. வாக்கியத்தைப் பார்த்தா இதை எதுக்குச் சொல்றாங்கன்னு கேக்கணும், ஆக்டிவிட்டியைப் பார்த்தா இதை எதுக்குச் செய்யறாங்கன்னு கேக்கணும். அதுக்கப்புறம் நான் எழுதின மெயின் எய்ம் இது: எப்போன்னு நேரம் சொல்லாம, இதுவரைக்கும் போன இடம், செஞ்ச காரியம் பத்தி ஒருத்தரை ஒருத்தர் கேக்கவும் பதில் சொல்லவும் ப்ரெசன்ட் பெர்ஃபெக்டைப் பழக்கறது. இதுல ஃபார்ம் பேர் இருக்கு, எதுக்குன்னும் இருக்கு, பசங்க வாயால நடக்கறதும் இருக்கு.

மத்த பகுதிங்களையும் அதே ப்ளான்லேர்ந்தே சொல்றேன், ஏன்னா பரீட்சையில குழப்பறது இதைத்தான். சப்சிடியரி எய்ம், அதாவது மெயினைத் தாங்கிப் பிடிக்கற சின்ன எய்ம்: ஈட்டன், சீன், பீன் மாதிரி எட்டு வினையோட பாஸ்ட் பார்ட்டிசிபிளை மறுபடி ஞாபகப்படுத்தறது. பர்சனல் எய்ம்ங்கறது பசங்களுக்கானது இல்ல, டீச்சர் தன்னைத் திருத்திக்கறதுக்கு: என்னோடது, பேப்பரைக் கையில கொடுக்கறதுக்கு முன்னாடியே இன்ஸ்ட்ரக்ஷன் சொல்லி முடிச்சுடணும், கொடுத்த பிறகு சொன்னா யாரும் கேக்கறது இல்ல. அசம்ப்ஷன்னா பசங்களுக்கு ஏற்கனவே தெரியும்னு நாம வச்சுக்கறது: பாஸ்ட் சிம்பிள் நல்லா வரும், லோனாவாலா, எலிஃபன்டா, அலிபாக் எல்லாம் எங்க இருக்குன்னு தெரியும். அன்டிசிபேட்டட் ப்ராப்ளம்னா எங்க சறுக்குவாங்கன்னு முன்கூட்டியே யோசிக்கறது, பக்கத்துலயே அதுக்கு சொல்யூஷன் இருக்கணும். "பசங்களுக்கு இது தெரியும்"னா அசம்ப்ஷன், "பசங்க இதுல குழம்பலாம்"னா ப்ராப்ளம். படிக்கறப்ப சுலபமாத் தெரியும், கேள்வியில "பசங்களுக்கு பாஸ்ட் சிம்பிள் தெரியும்ங்கறதால அதோட குழப்பிக்கலாம்"ங்கற மாதிரி ஒரு வரி வந்தா கை தடுமாறும். வரி எங்க போய் முடியுதுன்னு பாருங்க, குழப்பத்துல முடிஞ்சா ப்ராப்ளம்தான்.

இந்த அன்டிசிபேட்டட் ப்ராப்ளம் எழுதற இடத்துலதான் கிராமர் பேரெல்லாம் எதுக்குன்னு எனக்கு விளங்குச்சு. முதல்ல நான் எழுதினது "பசங்களுக்கு டென்ஸ் கஷ்டமா இருக்கும்". இப்படி எழுதினா அதுக்கு சொல்யூஷனே எழுத முடியாது, திரும்ப விளக்குவேன்னு மட்டும்தான் எழுதலாம். அக்கா அதை மூணாப் பிரிக்கச் சொன்னாங்க, மீனிங், ஃபார்ம், ப்ரொனன்ஸியேஷன். மீனிங்ல என்ன சறுக்கல்னா, ஹேவ் பீனும் ஹேவ் கானும் குழம்பும், பீன்னா போயிட்டு வந்தாச்சு, கான்னா போனவர் இன்னும் அங்கதான். தமிழ்ல "அவர் ஊருக்குப் போயிருக்கார்"னா இன்னும் ஊர்ல இருக்கார்னும் வரலாம், முன்னாடி போய் வந்திருக்கார்னும் வரலாம், ஒரே வினைதான் ரெண்டுக்கும். எங்க கிளாஸ்ல தமிழ்ப் பிள்ளைங்க ஏழெட்டுப் பேர் இருக்காங்க, நிச்சயம் இங்க நிப்பாங்க. ஃபார்ம்ல சறுக்கல், பார்ட்டிசிபிள் போட வேண்டிய இடத்துல பாஸ்ட் வடிவம் போட்டு "ஐ ஹேவ் வென்ட்"னு வரும். உச்சரிப்புல, ஹேவை ஒவ்வொரு தடவையும் முழுசா அழுத்திச் சொல்லுவாங்க, இயல்பான பேச்சுல அது வீக் ஃபார்ம், உள்ள இருக்கறது ஷ்வாங்கற அழுத்தமில்லாத குட்டி ஒலி, இல்லன்னா "ஐவ்"னு சுருங்கிடும். இப்படிப் பேர் வச்சுப் பிரிச்ச உடனே ஒவ்வொண்ணுக்கும் ஒரு வேலை தானா வந்துச்சு: முதலுக்கு ரெண்டு படம், ரெண்டாவதுக்கு வினைப் பட்டியல், மூணாவதுக்கு ட்ரில்.

பீரியட் 40 நிமிஷம், அட்டெண்டன்ஸ் போக 35னு வச்சுக்கிட்டேன். 4 நிமிஷம் லீட் இன், எலிஃபன்டா போட் படத்தைக் காட்டி பேச வைக்கறது. 8 நிமிஷம் ப்ரெசன்டேஷன், 4 நிமிஷம் ட்ரில், 7 நிமிஷம் கன்ட்ரோல்ட் ப்ராக்டிஸ், 9 நிமிஷம் ஃப்ரீயர் ப்ராக்டிஸ், 3 நிமிஷம் ஃபீட்பேக். எங்க ஸ்கூல்ல பெஞ்ச் தரையோட பதிச்சது, பசங்க எழுந்து நடந்து ஒருத்தரை ஒருத்தர் கேக்கற ஆக்டிவிட்டி நடக்காது, அதனால முன் பெஞ்ச் திரும்பி பின் பெஞ்சோட நாலு நாலு பேரா பேசறாப்ல வச்சேன். இன்டராக்ஷன் பேட்டர்ன்னு ப்ளான்ல ஒரு கட்டம் வரும், யார் யாரோட பேசறாங்கன்னு, அதுல என் பேர் எத்தனை தடவை வருதுன்னு எண்ணிப் பார்த்தேன், பழைய ப்ளான்ல ஆறு கட்டத்துலயும் நான்தான் இருந்தேன்.

ப்ரெசன்டேஷன்ல கான்செப்ட் செக்கிங் கேள்வி கேட்டேன். "புரிஞ்சுதா?"ன்னு கேட்டா கோரஸா "எஸ் டீச்சர்" வரும், அதுல ஒண்ணும் தெரியாது. "ஷி ஹேஸ் பீன் டு லோனாவாலா"ன்னு போர்டுல எழுதிட்டு, அவ போனாளா? ஆமாம். இப்ப அங்க இருக்காளா? இல்ல. எப்போ போனான்னு இதுல தெரியுதா? இல்ல. இந்தக் கேள்விங்க எல்லாமே ஆமாம் இல்லன்னு குட்டியா பதில் வர்ற மாதிரி இருக்கணும், அப்புறம் எந்த ஃபார்மைச் சொல்லிக் கொடுக்கறோமோ அதையே கேள்வியில போடக் கூடாது, போட்டா புரியாதவனுக்கு கேள்வியும் சேர்ந்து புரியாது. இது நல்லா நடந்துச்சு.

தப்பு நடந்தது கன்ட்ரோல்ட் ப்ராக்டிஸ்ல, ஆனா அது அங்க தெரியல. பத்து வாக்கியம், கோடிட்ட இடம், பக்கத்துலயே வினை கொடுத்திருந்தேன், எல்லாரும் அஞ்சு நிமிஷத்துல முடிச்சுட்டாங்க, எல்லாம் சரி, எனக்கு ரொம்ப சந்தோஷம். அடுத்த 9 நிமிஷத்துல நாலு நாலு பேரா பேச விட்டா, "ஐ ஹேவ் பீன் டு லோனாவாலா இன் தீவாளி வெகேஷன்", "ஐ ஹேவ் சீன் தட் மூவி யெஸ்டர்டே". ஒருத்தர் ரெண்டு பேர் இல்ல, பாதிக் கிளாஸ். ஃபார்ம் நூத்துக்கு நூறு சரி, எய்ம்ல எழுதின "எப்போன்னு நேரம் சொல்லாம"ங்கறது மட்டும் காணோம்.

அன்னைக்கு ஸ்டாஃப் ரூம்ல அந்த எக்சர்சைஸ் பேப்பரை அக்கா வாங்கி, வாக்கியத்தையெல்லாம் கையால மறைச்சுக்கிட்டு, கோடும் வினையும் மட்டும் தெரியற மாதிரி காட்டி, "இப்ப போடு"ன்னாங்க. போட முடிஞ்சுது. எல்லாத்துலயும் ஹேவ் இல்லன்னா ஹேஸ், பக்கத்துல பார்ட்டிசிபிள். வாக்கியத்தைப் படிக்காமலே பதில் எழுத முடியுதுன்னா அந்த எக்சர்சைஸ் ஃபார்மை மட்டும்தான் பழக்குது, மீனிங்கை இல்ல. என் எய்மோ மீனிங்ல இருக்கு. மறுநாளைக்கு அதே பத்து வாக்கியத்துல அஞ்சை மாத்தினேன், சிலதுல "லாஸ்ட் தீவாளி", "இன் 2019"னு நேரம் போட்டு, பாஸ்ட் சிம்பிளா ப்ரெசன்ட் பெர்ஃபெக்டான்னு அவங்களே தேர்ந்தெடுக்கணும். இந்தத் தடவை ஏழு நிமிஷமும் போதல, பெஞ்சுக்குப் பெஞ்ச் சண்டை, ஒருத்தன் "டீச்சர், டைம் சொல்லிட்டாங்க, அப்போ ஹேவ் வராதுல்ல?"ன்னு கேட்டான். நான் போர்டுல போட்ட ஒரு வாரத்து விளக்கத்தைவிட அவன் கேட்ட அந்த ஒரு கேள்வி அவனுக்குப் புரிஞ்சுதுன்னு எனக்குக் காட்டுச்சு.

கையால மறைச்சுப் பார்க்கற அந்த வேலையைத்தான் பரீட்சை ஹாலுக்கும் கொண்டு போனேன். ஆக்டிவிட்டிக்கு எய்ம் பொருத்தற கேள்வி வந்தா, ஆக்டிவிட்டியோட பேரைப் பார்க்காம, இதைச் செய்யறப்ப பையன் மண்டையில என்ன ஓடியாகணும்னு கேட்டேன். படத்தை மறைச்சுக்கிட்டு ஒருத்தர் சொல்ல இன்னொருத்தர் வரையறதுன்னு இருந்தா அங்க படம் வரையறது எய்ம் இல்ல, இடத்தைக் குறிக்கற வார்த்தைகளைச் சொல்லவும் கேட்டுப் புரிஞ்சுக்கவும் பழக்கறது எய்ம்.

ஹாலுக்குள்ள கவனிக்க வேண்டியது ரெண்டே ரெண்டு. பொருத்தற கேள்விங்கள்ல சிலதுல ஒரு ஆப்ஷன் கூடுதலா இருக்கும், அது எதுக்கும் பொருந்தாது, சிலதுல ஒரே ஆப்ஷன் ரெண்டு மூணு தடவை வரலாம். எதுன்னு மேல இருக்கற இன்ஸ்ட்ரக்ஷன்லயே எழுதியிருக்கும். மாதிரி பேப்பர்ல நான் அதைப் படிக்காம, ஏற்கனவே உபயோகிச்சாச்சுன்னு சரியான ஆப்ஷனை அடிச்சு விட்டு நாலு மார்க் போனது. இன்னொண்ணு, பென்சில்ல வட்டம் நிரப்பற ஆன்சர் ஷீட்டுக்கும் அந்த 80 நிமிஷத்துக்குள்ளதான் நேரம். நான் ஒவ்வொரு பகுதி முடிஞ்சதும் நிரப்பிட்டே போனேன். தப்புக்கு மார்க் குறைக்கறது கிடையாது, அதனால எதையும் காலியா விடக் கூடாது. கூடவே ஆப்ஷனைப் பார்க்கறதுக்கு முன்னாடி நானே ஒரு பதிலை ஓரத்துல கிறுக்கிட்டு அப்புறம் தேடினேன், ஏன்னா ஆப்ஷனை முதல்ல படிச்சா எல்லாமே சரி மாதிரி தெரிய ஆரம்பிச்சுடுது எனக்கு.

முதல் மாட்யூல் பேண்ட் 3, ரெண்டாவது பேண்ட் 4 வந்துச்சு. முதல்ல எங்க போச்சுன்னு எனக்கே தெரியும், உச்சரிப்புக் குறிகள். ஃபோனிமிக் எழுத்துல எழுதின வார்த்தையைப் படிக்கற கேள்விங்களை நான் கடைசி வாரத்துக்குத் தள்ளி வச்சேன், அது ஒரு வாரத்துல வர்ற விஷயம் இல்ல, தினம் அஞ்சு வார்த்தைன்னு முதல் நாள்லேர்ந்தே எழுதிப் பார்த்திருக்கணும். இப்ப எழுதறேன்.

மூணாவது மாட்யூலுக்கு இன்னும் பணம் கட்டல. ஆனா போன வாரம் ரிப்போர்ட்டட் ஸ்பீச் ப்ளான் எழுதி அக்காகிட்ட காட்டினேன், மெயின் எய்ம்ல பேனா வைக்காம கீழ போனாங்க, எக்சர்சைஸ் பேப்பரை எடுத்து வாக்கியத்தைக் கையால மறைச்சுப் பார்த்தாங்க, மூணாவது கேள்வியில மட்டும் நிறுத்தி "இது மறைச்சாலும் வருது பாரு"ன்னாங்க. அந்த ஒரு கேள்வியை மாத்திட்டு எட்டாங் கிளாசுக்குக் கிளம்பினேன்.